சுற்றறிக்கை: புதிய இணையதளமும் அதன் வழி வரும் விசாரணைகளும்

காஞ்சிபுரம் கடையின் விற்பனை, கணக்கு, பார்சல் பிரிவு ஊழியர்கள் அனைவருக்கும்,

நமது பட்டு நிறுவனத்தின் புதிய இணையதளம் வரும் திங்கட்கிழமை காலை முதல் செயல்படும். ஒவ்வொரு சேலையின் படத்துக்குக் கீழும் உள்ள ‘விசாரிக்க’ என்ற பொத்தானை அழுத்தி வாடிக்கையாளர் எழுதும் செய்தி, விற்பனைப் பிரிவின் பொது மின்னஞ்சலுக்கு வந்து சேரும்.

கடை திறந்ததும், மீண்டும் பிற்பகல் 3 மணிக்கும் அதைப் பார்த்து, அன்றைக்கே பதில் அனுப்ப வேண்டும். ஒரே வாடிக்கையாளருக்கு இருவர் வெவ்வேறு விலை சொல்லிவிடாதிருக்க, பதில் எழுதுபவர் முதலில் பதிவேட்டில் தம் பெயரைக் குறித்துக்கொள்ளவும்.

ஜரிகை பற்றிய கேள்விகளே அதிகம் வரும் என எதிர்பார்க்கிறோம். சேலையை அலமாரியிலிருந்து எடுத்து, சீட்டில் உள்ள விவரத்தைப் பார்த்த பிறகே எழுதுங்கள்; வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய அசல் ஜரிகைக்கும் செம்பு கலந்த ஜரிகைக்கும் விலை வேறுபாடு பெரிது என்பதால், உறுதியாகத் தெரியாததை ‘அசல்’ என்று ஒருபோதும் எழுதக் கூடாது. திரையில் நிறம் மாறித் தெரியும். ஆகவே, நிறம் குறித்துக் கேட்பவர்களுக்கு முந்தானையையும் கரையையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பவும். கல்யாணத்துக்கு எடுப்பவர்கள் நம்மை நம்பித்தான் நேரில் வராமல் கேட்கிறார்கள்.

வங்கி விவரமோ ஓடிபி எண்ணோ எவரிடமும் கேட்கக் கூடாது. புகார்களுக்கு நீங்களே பதிலளிக்காமல் என்னிடம் அனுப்பவும்.

மேலாளர்