மல்லாட்ட இலை நோயை போன் போட்டோவுல கண்டுபிடிக்கிற ஆப்: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ப்ரபோசல், முதல் ரிவ்யூ

ரிவ்யூ பேனல் சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேர் டீம், கம்ப்யூட்டர் சயின்ஸ். நாங்க எடுத்திருக்கிறது ஒரே ஒரு பயிர், மல்லாட்ட, அதாவது வேர்க்கடலை. அதுல வர்ற முன்பருவ டிக்கா, பின்பருவ டிக்கா, துரு இந்த மூணு நோயையும், நோயே இல்லாம இரும்புச்சத்து கம்மியானதால மஞ்சளாகுற இலையையும், நிலத்துல நின்னு சாதாரண ஆண்ட்ராய்டு போன்ல எடுக்குற போட்டோவ வெச்சு நெட் இல்லாமலே பிரிச்சு சொல்லணும், அவ்ளோதான் ப்ராஜெக்ட்.

இலை நோய் ப்ராஜெக்ட் வருஷா வருஷம் வருதே, இதுல என்ன புதுசுன்னு நீங்க கேக்கலாம், கேக்கவும் வேணும். பெரும்பாலான ப்ராஜெக்ட் பிளான்ட்வில்லேஜ் டேட்டாசெட்டத்தான் எடுக்குது, 54,306 போட்டோ, 14 பயிர், 38 வகை. 2016-ல மொஹந்தி, ஹியூஸ், சலாதே மூணு பேரும் எழுதுன பேப்பர்ல இதுல 99.35 சதவீதம் வந்துச்சு, ஆனா அதே பேப்பர்லயே, வேற இடத்துல வேற மாதிரி எடுத்த போட்டோவ குடுத்தப்போ சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கிடுச்சுன்னும் போட்டிருக்காங்க, அந்த ரெண்டாவது நம்பர யாரும் ஸ்லைடுல போடுறதில்ல. அந்த டேட்டாசெட்ல இலைய பறிச்சு வெறும் பின்னணியில வெச்சு எடுத்திருக்காங்க. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மல்லாட்டக் கொல்லியில செம்மண்ணு, களை, மதிய வெயில், புடிச்சிருக்கிறவங்க விரல் எல்லாம் சேந்துதான் போட்டோவுல விழும். அதவிட முக்கியம், அந்த 14 பயிர்ல மல்லாட்டயே கிடையாது. அதனால டேட்டாவ நாங்களே எடுக்கப் போறோம், எங்க வேலையில பாதி அதுதான்.

நோய பிரிச்சு சொல்றது ஏன் முக்கியம்னா, டிக்காவுக்கு அடிக்கிற கார்பெண்டாசிம் துருவ கட்டுப்படுத்தாது, தப்பா அடிச்சா மருந்து காசும் போச்சு இலையும் கொட்டிப்போச்சு. ஆனா மேல இருந்து பாத்தா மூணுமே புள்ளியாத்தான் தெரியும். முன்பருவ டிக்கா மேல்பக்கம் பழுப்பா, சுத்தி மஞ்சள் வளையத்தோட இருக்கும், ஆனா வளையத்த மட்டும் நம்பி முடிவு பண்ண முடியாது. இலைய திருப்பணும். பின்பருவ டிக்கான்னா அடிப்பக்கப் புள்ளி கருகருன்னு இருக்கும், துருன்னா ஆரஞ்சு கலர்ல சின்னச் சின்ன கொப்புளம், விரல வெச்சு தேச்சா தூள் ஒட்டிக்கும். அதனால எங்க ஆப் ஒரு இலைக்கு மேல்பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ கேக்கும். இதுதான் எங்க ப்ராஜெக்டோட மையம்.

மாடல் மொபைல்நெட் வி2. ரெண்டு போட்டோவும் ஒரே நெட்வொர்க் வழியா போய், வர்ற ஃபீச்சர்ஸ் ரெண்டையும் சேத்து கடைசி லேயருக்கு போகும். ஒரே இலையில டிக்காவும் துருவும் சேந்தே வர்றது சகஜம், அதனால சாஃப்ட்மேக்ஸ் வேணாம்னு முடிவு பண்ணி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி சிக்மாய்டு வெக்கிறோம், எதுவுமே ஏறலன்னா நல்ல இலை. இன்புட் 224 x 224 தான், முழுச் செடிய எடுத்தா புள்ளியே காணாம போயிடும், அதனால நாலு சிற்றிலையில ஒண்ண மட்டும் கட்டத்துக்குள்ள நிறுத்தச் சொல்லும். டென்சர்ஃப்ளோ லைட்டுக்கு மாத்தி 8 பிட்டுக்கு குறைச்சா 5 எம்பிக்குள்ள அடங்கிடும்.

டெஸ்டிங் பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும். போட்டோவெல்லாம் கலந்து 80-20ன்னு பிரிச்சா ஒரே செடியோட போட்டோ ரெண்டு பக்கமும் போயிடும், மார்க் நல்லா வரும், அது உண்மையான மார்க் இல்ல. நாங்க `ANK03_P12_T.jpg` மாதிரி பேருலயே ஊர், நிலம், செடி, எந்தப் பக்கம்னு எழுதிடுவோம், பிரிக்கிறது நிலம் வாரியா. ஆடிப்பட்டத்துப் பயிர்ல ட்ரெயின் பண்ணி, மார்கழிப் பட்டத்துல கே.வி.குப்பம் பக்கம் மாடல் பாக்காத நிலத்துல கடைசி டெஸ்ட். ஒவ்வொரு நோய்க்கும் எஃப்1 தனித்தனியா காட்டுவோம், புது நிலத்துல 0.80 வந்தா வெற்றின்னு எடுத்துக்குறோம். மேல்பக்கம் மட்டும் பாக்குற மாடலையும் கூடவே ஓட்டி, ரெண்டாவது போட்டோவால எவ்ளோ லாபம்னு காட்டுவோம். மாடலுக்கு நம்பிக்கை கம்மியா இருந்தா ஆப் "தெரியல, வேற இலை எடுங்க"ன்னு சொல்லும். மருந்து பேரு, அளவு எதுவும் ஆப் சொல்லாது, அது வேளாண்மை அதிகாரி வேலை.

செப்டம்பர், அக்டோபர்ல போட்டோ, ரெண்டாவது ரிவ்யூக்குள்ள முதல் மாடல், பிப்ரவரி மார்ச்ல நில டெஸ்ட். பஸ் செலவெல்லாம் சேத்து சுமார் 6,000 ரூபாய், நாங்களே பாத்துக்குறோம்.

பேனல்கிட்ட கேக்குறது ரெண்டு. போட்டோவுக்கு லேபிள் சரியான்னு பாத்துத் தர விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு டிபார்ட்மென்ட் லெட்டர் ஒண்ணு வேணும், நாங்களே லேபிள் போட்டா அத நம்ப முடியாது. அப்புறம் லேப்ல ஜிபியூ இருக்குற ஒரு சிஸ்டம், சாயந்திரம் 5 மணிக்கு மேல குடுத்தா போதும். லெட்டர் இந்த மாசத்துக்குள்ள கிடைக்கணும் சார், அறுவடை ஆயிடுச்சுன்னா அடுத்த பயிருக்கு மார்கழி வரைக்கும் காத்திருக்கணும்.