மோப்பம்

மழைக்கு ஒதுங்கிய நாய்தான்.
மழை விட்ட பிறகும் போகவில்லை.
செவலை நிறம், வால் நுனியில் மட்டும் வெள்ளை.
ஒரு வீட்டில் அது மணி, எதிர்வீட்டில் டைகர்,
மாடியில் இருக்கும் பாட்டிக்கு வெறும் "டேய்".
எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கும்.
பெயருக்கு அல்ல,
குரல் ஏறி இறங்கும் விதத்துக்கு.

பெரியவரின் கைத்தடி தட்டும் ஓசைக்கு
படுத்தபடியே ஒரு காது திரும்பும்.
பேப்பர் போடும் சைக்கிளுக்கு
வால் இரண்டு முறை மண்ணைத் தட்டும்.
பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கோ
முதுகை வளைத்து, முன்னங்கால் நீட்டி,
முழு உடம்பும் எழும்பும்.

வேலை முடிந்து வந்து
படியில் உட்கார்வேன்.
வியர்த்த புறங்கையை
சொரசொரப்பும் ஈரமுமாய் நக்கும்.
பாசம் என்பார்கள் பார்த்தவர்கள்.
உப்புக்காகவும் இருக்கலாம்.
உப்புக்காக என்றாலும்
கையை எடுக்க எனக்கு மனம் வராது.

ஒருநாள் கருத்தடை வண்டி வந்து பிடித்துப் போனது.
நல்லதற்குத்தான்,
எல்லோருக்கும் தெரியும்.
ஆனாலும் சாயங்காலம் ஆனால்
கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.
"வந்துடுச்சா?" "இன்னும் இல்லீங்க."
வருஷக்கணக்காய்ப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும்
முகம் பார்த்துப் பேசாதவர்கள்
நடுத்தெருவில் நின்று பேசினார்கள்,
தையல் பிரியுமோ,
வெறிநாய்க்கடி ஊசியும் போடுவார்களோ என்று.

இடக்காது நுனி நறுக்கப்பட்டு
அதே தெருமுனையில் இறக்கிவிடப்பட்டது.
கூப்பிட்ட யாரையும் அது பார்க்கவில்லை.
நேரே விளக்குக் கம்பத்துக்குப் போனது.
மோந்தது, மறுபடி மோந்தது,
யாரோ வேற்றுத் தெரு நாய்
எழுதிவிட்டுப் போனதன் மேல்
காலைத் தூக்கித் தன்னுடையதை எழுதியது.
பிறகு சாக்கடை ஓரம்,
பிறகு கார் டயர் நான்கும்,
பிறகு சுவர் மூலை.
தெரு முழுவதும் வாசித்து முடித்த பிறகே
மணல் குவியலில் மும்முறை சுற்றி,
மூக்கை வாலடியில் செருகிப் படுத்தது.
உறக்கத்தில் பாதங்கள் மட்டும் ஓடின.
எதைத் துரத்தியதோ,
அது நமக்குத் தெரியப்போவதில்லை.

காரை எடுப்பவர்
இப்போதெல்லாம் முதலில் குனிந்து பார்க்கிறார்.
வெயிலில் வற்றிய தண்ணீர்ச் சட்டியை
முதலில் பார்ப்பவர் நிரப்புகிறார்.

இன்று கடைசி வீட்டுக்குப் புதுக் குடும்பம்.
லாரியிலிருந்து இறங்குகின்றன
அறியாத வாசனைகள்.
பிடரி மயிர் சிலிர்த்து,
பல் தெரியக் குரைக்கிறது.
சின்னப் பெண் ஓடப் பார்க்கிறாள்.
"ஓடாதேம்மா, அப்படியே நில்லு.
கையை நீட்டாதே,
கண்ணையே பார்க்காதே.
அதுவே வந்து மோந்து பார்க்கட்டும்"
என்கிறார் கைத்தடிப் பெரியவர்.
செருப்பு, குதிகால், பாவாடை விளிம்பு...
குரைப்பு உறுமலாகி, உறுமல் மூச்சாகி,
சிலிர்த்த முடி படிகிறது.
ஒரு தும்மல் போட்டுவிட்டு
நடைபாதையில் நிற்கும்
புது சோபாவை நோக்கி நடக்கிறது.
அதன் காலருகே நின்று
தன் காலைத் தூக்குகிறது.

"மணி!"
"டைகர், வேண்டாம்!"
மாடியிலிருந்து, "டேய்!"