98 கீ வயர்லெஸ் கீபோர்டு: சத்தம் அடக்கிய டாக்டைல் ஸ்விட்ச், நம்பர் பேடுடன், மூன்று வகை இணைப்பு (அலுவலகப் பயன்பாட்டுக்கு)

நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கும், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசுபவருக்கும் சேர்த்தே இந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தோம். விளையாட்டுக்கானது அல்ல. கலர் விளக்கு கிடையாது, மேக்ரோ பட்டன் கிடையாது. கரும் சாம்பல் நிறம், எடை 980 கிராம். வேகமாகத் தட்டினாலும் மேசையில் நகராது.

தட்டும்போது எப்படி இருக்கும்

மெக்கானிக்கல் ஸ்விட்சில் பொதுவாக மூன்று வகை. லீனியர், தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். கிளிக்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் 'டக் டக்' என்று சொடுக்கும். டாக்டைல், பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். எழுத்து விழுந்துவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். இது டாக்டைல். அதிலும் ஸ்விட்சின் தண்டில் சிலிக்கோன் பட்டை வைத்தது. கீ அடியில் மோதும்போதும் திரும்ப மேலே எழும்போதும் வரும் சத்தத்தை அந்தப் பட்டை வாங்கிக்கொள்கிறது.

அழுத்த 50 கிராம் விசை தேவை. 2 மி.மீ. இறங்கியதும் எழுத்து பதிவாகும், மொத்த இறக்கம் 3.6 மி.மீ. அடிவரை குத்தித் தட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் பழக்கதோஷத்தில் எல்லோரும் குத்துவார்கள். அப்புறம் கை தானாக லேசாகிவிடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பட்டை இருப்பதால் அடியில் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். கல்லில் தட்டுவது போன்ற உறுதியான முடிவு பிடித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். அப்படிப்பட்டவர் உங்கள் குழுவில் இருந்தால் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

சத்தம்

'ஓசையே இல்லை' என்று எழுத மாட்டோம். ஓசை இருக்கிறது, குறைவாக இருக்கிறது. மூடிய அறையில், 34 டெசிபல் பின்னணியில், கீபோர்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி போன் செயலியை வைத்து அளந்தோம். சாதாரண வேகத்தில் தட்டும்போது 44 முதல் 46. ஸ்பேஸ் பாரும் என்டரும் 50 வரை போகின்றன. அதே மேசையில், அதே கை கிளிக்கி ஸ்விட்ச் கீபோர்டில் தட்டியபோது 62. போன் செயலி ஆய்வுக்கூடக் கருவி அல்ல, இந்த எண்களை ஒப்பிட மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டெசிபலில் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பதால் 46-க்கும் 62-க்கும் உள்ள தூரம் பார்ப்பதைவிடப் பெரியது.

எண்ணைவிட இது உதவும்: ஹெட்செட்டில் பேசிக்கொண்டே குறிப்பெடுத்துப் பார்த்தோம். மறுமுனையில் இருந்தவருக்கு எழுத்துக் கீகள் கேட்கவில்லை. என்டரை ஓங்கித் தட்டியபோது மட்டும் 'தொப்' என்று கேட்டதாகச் சொன்னார். ஸ்பேஸ் பாருக்கு அடியில் உள்ள கம்பிக்குத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் இட்டு வருவதால் கடகடப்பு இல்லை. மேசைப் பலகை மெல்லியதாக, உள்ளே வெற்றிடமாக இருந்தால் எந்தக் கீபோர்டும் மத்தளம் மாதிரி அதிரும். அங்கே அடியில் ஒரு துணி மேட் போட்டுவிடுங்கள்.

கீ அமைப்பு (வாங்கும் முன் இதைப் படியுங்கள்)

அமெரிக்க ஆங்கில அமைப்பு, என்டர் கீ படுத்த செவ்வகம். முழு அளவுக் கீபோர்டில் இருக்கும் 104 கீகளில் ஆறு இதில் இல்லை: பிரின்ட் ஸ்கிரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ், இன்சர்ட், வலது விண்டோஸ் கீ, மெனு கீ. முதல் நான்கும் எஃப்என் கீயுடன் சேர்த்து அழுத்தினால் வேலை செய்யும். ஹோம், என்ட், பேஜ் அப், பேஜ் டவுன் நான்கும் நம்பர் பேடுக்கு மேலே ஒரே வரிசையில். அம்புக் கீகள் இடைவெளி இல்லாமல் எழுத்துகளை ஒட்டி இருக்கின்றன.

கணக்குப் பிரிவுக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது நம்பர் பேடின் பூஜ்ஜியம். வழக்கமாக அது இரண்டு கீ அகலம். இதில் ஒரு கீ அகலம்தான், அதன் இடது பக்கத்தில் வலது அம்பு உட்கார்ந்திருக்கிறது. பார்க்காமலே கட்டை விரலால் பூஜ்ஜியம் தட்டிப் பழகியவர் முதல் வாரம் அம்பைத் தட்டுவார், விரிதாளில் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். நாள் முழுக்க எண்களை உள்ளிடுபவருக்கு எங்கள் பரிந்துரை, இதே ஸ்விட்ச் உள்ள 104 கீ மாடல். ஆறு சென்டிமீட்டர் அகலம் கூடும், வேறு வித்தியாசம் இல்லை. ஆர்டரில் '104' என்று குறித்தால் போதும்.

கீகளின் மேல் தமிழ் எழுத்து அச்சிடப்படவில்லை. தமிழ் 99, ஒலிபெயர்ப்பு இரண்டுமே கணினியில் மென்பொருள் வழியாக வழக்கம்போல இயங்கும். எழுத்துகள் பிபிடி பிளாஸ்டிக்கில் சாயம் ஊறவைத்துப் பதித்தவை, தேய்ந்து அழியாது.

இணைப்பு

பின்பக்கம் ஒரு தள்ளு ஸ்விட்ச், மூன்று நிலை.

கேபிள்: யுஎஸ்பி-சி, ஒன்றரை மீட்டர், கழற்றக்கூடியது. இந்த நிலையில் ரேடியோ முழுவதும் அணைந்துவிடும். வயர்லெஸ் அனுமதிக்காத அலுவலகங்களுக்கு இதுவே சரி.

2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்: செருகினால் போதும், எதுவும் நிறுவ வேண்டாம். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலும் வேலை செய்யும். யுஎஸ்பி 3 போர்ட்டுக்குப் பக்கத்தில் செருகினால் சில நேரம் எழுத்து விட்டுப்போகும், அந்தப் போர்ட் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவதுதான் காரணம். அதிலிருந்து தள்ளி இருக்கும் போர்ட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஒவ்வொரு டாங்கிளும் தன் கீபோர்டுடன் மட்டுமே பேசும். மொத்தமாக வாங்குகிறவர்கள் கலந்துவிடாமல் இருக்க, இரண்டிலும் ஒரே எண் ஒட்டி அனுப்புகிறோம்.

புளூடூத் 5.1: மூன்று கருவிகள், எஃப்என் உடன் 1, 2, 3 அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினிக்கும் டேப்லெட்டுக்கும் அருமை. பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திரையில் புளூடூத் கீபோர்டு வேலை செய்யாது என்பதால், ஐடி பிரிவினர் டாங்கிளையோ கேபிளையோ கைவசம் வைத்திருப்பது நல்லது.

பேட்டரி 4000 மில்லிஆம்பியர்-மணி. தினம் எட்டு மணி நேரப் பயன்பாட்டில் ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். சார்ஜ் ஏறும்போதும் தட்டலாம்.

பெட்டிக்குள்

கீபோர்டு, டாங்கிள், கேபிள், கீ கழற்றும் இடுக்கி, மாற்று ஸ்விட்ச் இரண்டு. மேக் கணினிக்கான கமாண்ட், ஆப்ஷன் கீ மூடிகள் தனி உறையில். மவுஸ் இதில் சேராது.

உத்தரவாதம் 2 ஆண்டு. பிரித்துப் பயன்படுத்திப் பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம், காரணம் கேட்க மாட்டோம். பத்துக்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை 98, எத்தனை 104 என்று பிரித்து எழுதுங்கள். எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வரும்படி எடுத்து அனுப்புகிறோம்.