நிகழ்வு வரிசைச் சுருக்கம்: பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு

26 வயதுப் பெண்ணின் சிகிச்சைக் கோப்பு, செவிலியர் குறிப்பேடு, ஆய்வகப் பதிவேடு, இரத்த வங்கிப் பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டு, விசாரணைக் குழுவுக்காக இச்சுருக்கம் தயாரிக்கப்பட்டது. சிகிச்சை முறையானதா என்ற கேள்வி இதன் வரம்பில் இல்லை.

12.03.2024 அதிகாலை 2.10-க்குச் சுகப்பிரசவம் நடந்ததாகவும், உடனே ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் செலுத்தப்பட்டதாகவும் கோப்பு கூறுகிறது. 2.40-க்கு நாடித்துடிப்பு 96, இரத்த அழுத்தம் 110/70. அதற்குப் பின் 3.15 வரை எந்தப் பதிவும் இல்லை. இதைக் கவனிப்பே இல்லாத நேரமாக இங்கே கொள்ளவில்லை. 3.15-க்குச் செவிலியர், “அதிக இரத்தப்போக்கு, மருத்துவருக்குத் தொலைபேசியில் தகவல்” என எழுதியுள்ளார்; அப்போது நாடித்துடிப்பு 128, இரத்த அழுத்தம் 84/50. இழந்த இரத்தத்தின் அளவு எங்கும் குறிக்கப்படவில்லை.

மருத்துவர் வந்த நேரம் கோப்பில் 3.25 என்றும் செவிலியர் குறிப்பேட்டில் 3.50 என்றும் உள்ளது. கோப்பில் அந்த எண்ணின் மேல் மீண்டும் எழுதப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, அருகில் சுருக்கொப்பம் இல்லை. ஆகவே எதையும் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் தந்துள்ளேன்.

இரத்தம் கோரிய படிவம் 4.05-க்கு இரத்த வங்கியை அடைந்து, 4.40-க்கு 2 யூனிட் வழங்கப்பட்டது. 4.20-க்கு ஆய்வகம் பதிந்த ஹீமோகுளோபின் 6.1, மாதிரி எடுத்த நேரம் இல்லை. 5.30-க்கு நோயாளி உயர்சிகிச்சை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பரிந்துரைக் கடிதத்தின் நகல் கோப்பில் இல்லை.