அந்தப் பழைய…

"மக்ளே, வரும்போ அந்தப் பழைய…"

ஆறு நொடிதான். ஆச்சியின் விரல் மைக் பட்டனிலிருந்து நழுவியிருக்க வேண்டும். திரும்ப அழைத்தால் போன் அணைந்திருந்தது. ஈத்தாமொழியில் இரண்டு நாளாக ஐப்பசி மழை, கரண்ட் இல்லை.

எழும்பூரில் ரயிலேறிய பிறகும் கௌரி அதையே காதில் வைத்துக்கொண்டிருந்தாள். பழைய சேலையா? பழைய கண்ணாடியா? பன்னிரண்டாவது முறை கேட்டபோது, ஆச்சியின் குரலுக்குப் பின்னால் எவர்சில்வர் மூடி ஒன்று 'ணங்' என்றது. சரி, தூக்குவாளிதான்! போன தடவை முந்திரிக்கொத்து அடைத்துக் கொடுத்துவிட்ட, கைப்பிடி நெளிந்த தூக்குவாளி. நல்லவேளை, அது பையிலேயே இருந்தது. ஆச்சிக்குப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் பிடிக்காது. நாகர்கோவிலில் இறங்கியதும் அது நிறைய மட்டிப்பழம் வாங்கி அடுக்கிக்கொண்டாள்.

ஆட்டோ பாதியிலேயே நின்றுவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்தாள்.

"இந்தா ஆச்சி, நீ கேட்ட பழைய தூக்குவாளி."

ஆச்சி தூக்குவாளியைப் பார்க்கவே இல்லை. சொட்டும் சுடிதாரைத்தான் பார்த்தாள்.

"ஐயோ மக்ளே! பழைய ரோட்டு வழியா வராத, தண்ணி கெடக்குன்னுல்லா சொன்னேன்!"

முந்தானையை இழுத்து அவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள். துவட்டிக்கொண்டே மெல்ல மூடியைத் திறந்தாள்.

"மட்டியா?"