நம்ம கடை ஷீட்ல எப்படி என்ட்ரி போடணும்

கவுன்டர்ல இருக்கறவங்க, குடோன்ல இருக்கறவங்க, சாயங்காலம் பில்ல பாத்து ஏத்தறவங்க எல்லாருக்கும்தான் இது. ஒருதடவ முழுசா படிச்சிடுங்க, அப்புறம் சந்தேகம் வந்தா மட்டும் திருப்பி பாத்தா போதும்.

மொதல்ல ஐட்டம் பேரு. போன மாசம் ஸ்டாக் பாத்தப்போ கொண்டைக்கடலை 4 கிலோதான் இருக்குன்னு காட்டுச்சு, உடனே லாங் பஜார்ல சொல்லி ரெண்டு மூட்டை இறக்கிட்டேன், அப்புறம் குடோன் அண்ணன் வந்து "இன்னா பாப்பா, உள்ள ஒரு முழு மூட்ட கீதே"ன்றாரு. ஷீட்ல தேடினா கொண்டக்கடலைன்னு ஒன்னு, கொண்டைக் கடலைன்னு நடுவுல இடம் விட்டு ஒன்னு, சென்னான்னு இன்னொன்னு. நமக்கு மூணும் ஒன்னுதான், ஷீட்டுக்கு மூணும் வேற வேற சரக்கு. அதனால இனிமே `Item` காலத்துல கையால அடிக்காதீங்க, லிஸ்ட்லருந்து எடுங்க. புது சரக்கு வந்தா மொதல்ல `Items` ஷீட்ல சேக்கணும், அத நான்தான் சேப்பேன், எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. வேற கட்டத்துலருந்து காப்பி பண்ணி அப்படியே ஒட்டினா அந்த லிஸ்டே அழிஞ்சிடும், ஒட்டியே ஆகணும்னா `Ctrl+Shift+V` அழுத்துங்க.

ஒரு வரில ஒரு சரக்கு மட்டும். இப்படி:

```
Date,Bill No,Item,Qty,Unit,Rate,Amount,Pay,Note
2025-07-04,S-0412,துவரம் பருப்பு,0.5,kg,160,80,UPI,
2025-07-04,S-0412,சீரக சம்பா,5,kg,120,600,UPI,
```

`Qty` பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும், ஏன்னா அங்கதான் நெறய கூத்து நடக்குது. அரை கிலோன்னா 0.5, கால் கிலோன்னா 0.25. `1/2`ன்னு அடிச்சீங்கன்னா ஷீட் அத பிப்ரவரி 1ஆம் தேதின்னு எடுத்துக்கும், உள்ளுக்குள்ள ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கும், 2025 பிப்ரவரி 1க்கு அது 45689. அரை கிலோ பருப்புக்கு 160 ரூபா ரேட்ல பெருக்கிப்பாருங்க, 73 லட்சத்து சொச்சம் வருது. சிரிக்காதீங்க, நானே அடிச்சிருக்கேன். அதேமாதிரி "5 கிலோ"ன்னும் அடிக்காதீங்க, நம்பர் மட்டும் `Qty`ல, அளவு `Unit`ல: `kg`, `ltr`, `pc`, `bag` இந்த நாலுதான். கிராம் கணக்கே வேணாம். ரேட்லயும் தொகைலயும் ரூ, /- எதுவும் கூடாது, போட்டா அது எழுத்தாயிடும், மொத்தம் கூட்டறப்போ ஷீட் அத விட்டுட்டு போயிடும்.

தேதி மேல இருக்கற மாதிரி வருஷம், மாசம், நாள். பழக்கமில்லாம கஷ்டமாதான் இருக்கும், ஆனா 04/07னு போட்டா எந்த கம்ப்யூட்டர் அத ஏப்ரல்னு படிக்கும், எது ஜூலைன்னு படிக்கும்னு யாருக்கும் தெரியாது. அன்னிக்கு தேதின்னா `Ctrl+;` அழுத்தினா அதுவே வந்துடும்.

`Pay`ல `Cash`, `UPI`, `Credit` மட்டும். ஜிபேயா போன்பேயான்னு நமக்கு வேணாம்.

சரக்கு வாங்கற ஷீட்ல HSN நம்பர் கவனம். பருப்பு 0713, மிளகு 0904, மஞ்சள் 0910. முன்னாடி இருக்கற சைபர ஷீட் தின்னுடும், அதனால மொதல்ல ஒரு ஒத்த மேற்கோள் போட்டு `'0713`ன்னு அடிங்க. GSTIN 15 எழுத்து, நம்ம ஊர்க்காரங்கன்னா 33ல ஆரம்பிக்கும், சித்தூர்லருந்து வெல்லம் போடறவருக்கு 37, ஆந்திரா. அவரு பில்லுல IGST வரும், CGST, SGST ரெண்டா பிரிச்சி போட்டுடாதீங்க, ஆடிட்டர் என்னதான் திட்டுவாரு.

டெலிவரி ஷீட்ல ஏரியா பேரும் லிஸ்ட்லருந்துதான். வாலாஜா, வாலாஜாபேட்டைன்னு ரெண்டு இருந்தா வண்டிக்கார தம்பி ரெண்டு நடை போவான். `District`ல ஆம்பூருக்கு திருப்பத்தூர், ஆற்காடு, வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை, 2019ல பிரிச்சாச்சு, பழைய பில்லு பாத்து வேலூர்னு போடாதீங்க. சைதாப்பேட்டைன்னா நம்ம வேலூர் சைதாப்பேட்டைதான், PIN பாத்துக்கோங்க, 632ல ஆரம்பிக்கணும். போன் நம்பர் 10 இலக்கம், +91 வேணாம், நடுவுல இடமும் வேணாம்.

தப்பா போட்டுட்டா வரிய அழிக்காதீங்க. அன்னிக்கே தெரிஞ்சா திருத்திடலாம், மறுநாள் ஆயிட்டா கீழ புது வரில `-0.5` மாதிரி மைனஸ் போட்டு `Note`ல காரணம் எழுதுங்க. சரக்கு திரும்பி வந்தாலும் இதேதான். நடுவுல மொத்தம்னு ஒரு வரி போடறத நிறுத்திடுங்க, அதையும் ஒரு வியாபாரம்னு சேத்து கூட்டிடுது. மஞ்சள், சிவப்பு கலர் அடிக்கறதும் வேணாம், எந்த கலர் எதுக்குன்னு அடிச்சவங்களுக்கே ஒரு வாரத்துல மறந்துபோவுது.

திங்கக்கிழமைலருந்து இந்த மாதிரிதான். பழைய ஷீட்ட நான் உக்காந்து சரி பண்ணிக்கறேன், அத யாரும் தொடாதீங்க.