ஆயாவுக்கு, அந்த முட்டிவலித் தாளைப் பத்தி

ஆயா, முட்டிவலிக்குக் குடுத்த உடற்பயிற்சித் தாளை வள்ளி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, அதைப் பெருசாக்கிப் பார்த்துட்டேன். பூராவும் இங்கிலீஷுல அச்சடிச்சுக் கையில குடுத்துட்டா யாருக்குப் புரியும்? சாயங்காலம் வள்ளியை இதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்க.

முதல்ல நேத்து நடந்தது. தாள்ல "3 செட், 10 ரெப்ஸ்"னு போட்டிருக்கு. அதைப் பார்த்து 30-ஐயும் ஒரே மூச்சில தூக்கி, ராத்திரி முட்டி வீங்கிருச்சுன்னு வள்ளி சொன்னா. ரெப்ஸுன்னா எத்தனை தடவை. செட்டுன்னா அந்தப் பத்தும் சேர்ந்த ஒரு கட்டு. பத்து செஞ்சதும் ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும். அப்புறம்தான் அடுத்த பத்து. அந்த ஓய்வும் வைத்தியம்தான். "ஹோல்டு 5" அப்படின்னா தூக்கின காலை அஞ்சு எண்ற வரைக்கும் அப்படியே வச்சிருக்கணும். மனசுக்குள்ள எண்ணாதீங்க, மூச்சை அடக்கிருவீங்க. உங்களுக்கு பி.பி. இருக்கு. வாய்விட்டு "முருகா" அஞ்சு தடவை, நிதானமா. ஓரத்துல "பி.டி." போட்டிருக்கே, அது காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

வீக்கம் வத்துற வரைக்கும் எதுவும் வேண்டாம். வத்தினதும் முதல் வாரம் ஒரே ஒரு செட். மூணுக்குப் போறதைத் தாள் குடுத்தவங்ககிட்ட கேட்டுக்குவோம்.

முதல் படம்: கட்டில்ல காலை நீட்டி உட்கார்ந்து, வலது முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு, அந்தத் துண்டை முட்டியால கீழ அமுக்கணும். ஒண்ணும் அசையாத மாதிரித்தான் தெரியும். கையைத் தொடை மேல வச்சுப் பாருங்க, சதை கல்லு மாதிரி இறுகும். இறுகுனா சரி. தேய்ஞ்ச முட்டிக்கு இந்தத் தொடைச் சதைதான் ஊன்றுகோல் மாதிரி, அதனாலதான் வலிக்கிறது முட்டியா இருந்தாலும் வேலை தொடைக்கு.

ரெண்டாவதுக்கு "எஸ்.எல்.ஆர்."னு பேரு போட்டிருக்கு, காலை மடக்காம நேராத் தூக்குறதுன்னு அர்த்தம். மல்லாந்து படுத்து, இடது முட்டியை மடக்கிப் பாதத்தை ஊனிக்கங்க. அதை மறந்தா இடுப்பு பிடிச்சுக்கும். வலது காலை நேரா, மடங்காம, இடது முட்டி உசரத்துக்குத் தூக்குனாப் போதும். நீங்க ஆள் உசரத்துக்குத் தூக்கியிருக்கீங்களாம், அந்த வீரம் வேண்டாம் ஆயா. இறக்கும்போது தொப்புன்னு போடாதீங்க, ஏத்துனதைவிட மெதுவா இறக்கணும்.

மூணாவது, நின்னுக்கிட்டு குதிகாலைத் தூக்குறது. வளவுத் தூணைப் பிடிச்சுக்கிட்டு செய்ங்க, ரெண்டு கையும் தூணை விடக்கூடாது. ஆத்தங்குடிக் கல்லு துடைச்ச ஈரத்தோட இருந்தா வழுக்கும், அதனால வேலைக்காரம்மா துடைச்சுக் காய்ஞ்ச பிறகுதான். பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கங்க.

நாலாவது படத்துல பாதியை வள்ளியோட கட்டை விரல் மறைச்சிருக்கு. நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டுறது தெரியுது, பக்கத்துல பேனாவால என்னமோ எழுதியிருக்கு. "1 கிலோ"ன்னு எனக்குத் தோணுது, ஆனா 1-ஆ, அரையான்னு ஊகிச்சுச் சொல்ல மாட்டேன். விரலை எடுத்துட்டு இன்னொரு தடவை போட்டோ எடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் எடை கட்டாம வெறுங்காலோட நீட்டுங்க. மணல் பையைத் தேடி ரெண்டாங்கட்டுக்குப் போக வேண்டாம்.

கீழ சிவப்புல எழுதினதுதான் முக்கியம். சம்மணம் போடக்கூடாது, குத்துக்கால் போடக்கூடாது. அப்போ அருவாமனை, நடுவீட்டுக் கோலம் ரெண்டும் இப்போதைக்கு வள்ளிக்கு. உங்க கோலத்துல கை வைக்க யாரையும் விட மாட்டீங்கன்னு தெரியும், நாற்காலியில உட்கார்ந்து அதட்டிக்கிட்டே போட வைங்க. குன்றக்குடி மலைப் படியும் இப்போ வேண்டாம், அடிவாரத்துலயே கும்பிடுங்க. வீட்டு வாசல் படிக்கு மட்டும் ஞாபகம்: ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.

சூட்டு ஒத்தடம் 10 நிமிஷம்னு போட்டிருக்கு. வீக்கமா, தொட்டாச் சுடுற மாதிரி இருந்தா அன்னைக்கு ஒத்தடமே வேண்டாம். உங்களுக்குச் சக்கரை, கால்ல சூடு சரியாத் தெரியாது. வள்ளி தன் முழங்கையில வச்சுப் பார்த்துட்டுத்தான் உங்க முட்டியில வைக்கணும். பயிற்சியை வெறும் வயித்தோடவும் செய்யாதீங்க.

செய்யும்போது தொடை இழுக்குறதும், மறுநாள் லேசா அசதியும் சகஜம். மறுநாளும் முட்டி வலி கூடியிருந்தா எண்ணிக்கையைப் பாதியாக்குங்க. கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி, சூடா, அமுக்கினா வலிச்சா அன்னைக்கே டாக்டர்ட்ட போங்க, தைலம் தேய்க்க வேண்டாம். நெஞ்சை அடைச்சாலோ, தலை சுத்தினாலோ உடனே நிறுத்திட்டு வள்ளியைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருங்க, எனக்குப் போன் அப்புறம் போடலாம்.

ஞாயித்துக்கிழமை காலையில வீடியோவுல வாறேன். முதல் படத்தை என் முன்னாடி செஞ்சு காட்டுங்க, தொடை இறுகுதான்னு பார்க்குறேன்.